பதினொரு வருட டி.டி.பி. வேலையை நூறு சொல்லில் சொல்வது

ஃபெலோஷிப் விண்ணப்பத்தில் கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்கு நிரப்பப்படும் கட்டம் என்று ஒன்று இருந்தால் அது பயோதான், அதாவது விண்ணப்பிப்பவர் தன்னைப் பற்றி எழுதும் சிறு குறிப்பு. திட்ட விளக்கத்துக்கு மூன்று வாரம், பட்ஜெட்டுக்கு நான்கு நாள் என்று உழைத்தவர்கள்கூட, எப்போதோ ஒரு கூட்டத்தின் அழைப்பிதழுக்குக் கொடுத்த குறிப்பை எடுத்து அங்கே ஒட்டிவிடுவார்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் படிக்கும் வரிசை வேறு. தலைப்பு, சுருக்கம், அடுத்து பயோ. திட்டம் நன்றாக இருக்கிறது என்று தோன்றிய உடனே ‘சரி, இதை இவரால் செய்ய முடியுமா?’ என்ற கேள்வி வருகிறது. அதற்குப் பதில் தேடித்தான் அவர் பயோவுக்குப் போகிறார். பிறந்த ஊரையும் சிறுவயது ஆர்வத்தையும் தெரிந்துகொள்ள அல்ல.

சி.வி.யில் எல்லாம் இருக்கும். ‘ஏன் இதைச் செய்ய விரும்புகிறீர்கள்’ என்று தனியாகக் கேட்டிருந்தால் அங்கே காரணம் இருக்கும். பயோவுக்கு மிஞ்சுவது ஒரே வேலை: இதுவரை செய்ததிலிருந்து இனி செய்யப்போவதற்கு ஒரு பாதை இருக்கிறது என்று காட்டுவது. பெரும்பாலும் நூறிலிருந்து இருநூறு சொல்லுக்குள் கேட்பார்கள். ஆங்கிலத்தில் 150 சொல் பிடிக்கிற விஷயம் தமிழில் நூறை ஒட்டி முடிந்துவிடும், நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால். ஆனால் சொற்களை எண்ணாமல் எழுத்துகளை எண்ணும் படிவமாக இருந்தால் நிலைமை தலைகீழ். ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து; யூனிகோடில் புள்ளியும் காலும் தனித்தனியாகக் கணக்காகி ஐந்தாகிவிடும். ஆயிரம் எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று நம்பி எழுதினால், கடைசி இரண்டு வாக்கியத்தைப் படிவம் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அந்த இரண்டு வாக்கியம்தான் பழைய வேலையைத் திட்டத்தோடு சேர்ப்பதாக இருக்கும், அநேகமாக.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். ராயப்பேட்டையில் 2013இலிருந்து 2024 வரை பதினொரு வருடம் டி.டி.பி. வேலை, அதாவது கணினியில் எழுத்தடித்துப் பக்கம் கோக்கும் வேலை பார்த்த ஒரு பெண். படிப்பு பி.காம். அவர் முன்வைக்கும் திட்டம்: சென்னையின் சிறு அச்சகங்களில் இன்னும் மிச்சமிருக்கும் தமிழ் ஈய எழுத்துகளை 12 மாதத்தில் ஆவணப்படுத்துவது. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை என்று 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய வடிவ ஈய எழுத்துகளை அச்சகங்கள் என்ன செய்தன, எவை உருக்கப்பட்டன, எவை பெட்டியில் அப்படியே கிடக்கின்றன என்று அவர் பார்க்கப் போகிறார். முதலில் அவர் எழுதி வைத்திருந்த பயோ இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

“சென்னையில் பிறந்து வளர்ந்தவர். வணிகவியல் பட்டதாரி. சிறுவயது முதலே தமிழ் மொழி மீதும் அச்சுக்கலை மீதும் தீராத ஆர்வம் கொண்டவர். அச்சுத் துறையில் பல ஆண்டுகளாகப் பல்வேறு பணிகளைத் திறம்படச் செய்துவருகிறார். சிற்றிதழ்களில் பல கட்டுரைகள் எழுதியுள்ளார். கவிதைப் போட்டியில் பரிசு பெற்றுள்ளார். 2015 சென்னைப் பெருவெள்ளத்தின்போது நிவாரணப் பணிகளில் ஈடுபட்டார். தமிழ் அச்சு மரபைப் பாதுகாப்பது இவரது வாழ்நாள் கனவு.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு, பழைய ‘லை’யை இவரால் படிக்க முடியுமா, ஒரு அச்சகக்காரர் இவரை உள்ளே விடுவாரா என்று கேட்டால் பதில் கிடைக்காது. ‘அச்சு’ என்ற சொல் பயோவிலும் திட்டத்திலும் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே சொல் இரண்டு இடத்தில் வருவதை இணைப்பு என்று நினைத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறுகளில் முதலாவது. எழுதுகிறவருக்குத் தன் வேலை முழுதும் தெரியும் என்பதால், அந்தச் சொல்லைப் பார்த்ததும் மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறார். படிப்பவரிடம் நிரப்ப ஒன்றும் இல்லை.

பயோவை வாழ்க்கையின் தொடக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தால் திட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் இடம் தீர்ந்துவிடும். திட்டத்திலிருந்து பின்னோக்கித்தான் எழுத வேண்டும். ஒரு தாளை எடுத்து, அந்த 12 மாதத்தில் கையால், காலால் செய்யப்போகும் வேலைகளை மட்டும் எழுதுங்கள். ‘மரபைக் காத்தல்’ எல்லாம் வேலை அல்ல. மேற்படி திட்டத்தில் ஐந்து வேலை இருக்கிறது. அச்சகங்களைக் கண்டுபிடித்து உள்ளே போவது. ஒவ்வொரு எழுத்துத் தொகுப்பையும் மை தடவிப் புரூஃப் இழுத்துப் படமெடுப்பது. வடிவங்களை அடையாளம் காண்பது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த கம்பாசிட்டர்களிடம் பேசிப் பதிவுசெய்து எழுத்தாக்குவது. எல்லாவற்றையும் தேடக்கூடிய ஒரு பட்டியலாக யூனிகோடில் தொகுப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதற்கு முன் செய்த ஒரு வேலையை எழுத வேண்டும். பதவியின் பெயரை எழுதக் கூடாது, செய்த காரியத்தை எழுத வேண்டும்.

இங்கேதான் அந்தப் பதினொரு வருடம் திறந்துகொள்கிறது. அவருடைய கடைக்கு மறுபதிப்பு வேலைகள் நிறைய வந்திருக்கின்றன. அறுபதுகளில் அச்சான நாவலின் மஞ்சளேறிய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்து அடித்திருக்கிறார். அதாவது வடிவங்களை அடையாளம் காணும் வேலையைத்தான் வருடக்கணக்காகச் செய்திருக்கிறார். அதற்கு அந்தப் பெயர் இருப்பது தெரியாது. தாப், தாம் எழுத்துருக்களில் கிடந்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, உடைந்த கொம்புகளையும் இடம்மாறிய புள்ளிகளையும் சரிசெய்வதும் தினசரி வேலை. பட்டியல் தொகுப்பதற்கு எதிரே அது போய் உட்கார்ந்துகொள்கிறது.

அச்சகத்துக்குள் நுழைவதற்கு என்ன இருக்கிறது? இதை அவர் முதலில் யோசிக்கவே மாட்டார், ரொம்பச் சாதாரண விஷயம் என்பதால். பில் புத்தகம் அடிக்கும் வாடிக்கையாளர்களுக்கு நம்பர் போடவும் பெர்ஃபரேஷன் அடிக்கவும் திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் ட்ரெடில் என்ற பழைய சிறு அச்சு இயந்திரம் வைத்திருக்கும் அச்சகங்களுக்குத்தான் வேலையை அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஆஃப்செட் வந்த பிறகும் ட்ரெடில் பிழைத்திருப்பது இந்த மாதிரி வேலைகளால்தான். ஆகவே ஆறு அச்சகக்காரர்களுக்கு இவரைத் தெரியும், ‘வாங்கம்மா’ என்று உள்ளே கூப்பிடுவார்கள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து கேமராவோடு வரும் ஆராய்ச்சியாளருக்கு அந்தக் கதவு திறக்கவே மூன்று மாதம் ஆகும். குழுவுக்கு இது பெரிய தகவல். பி.காம். பட்டத்தைவிடப் பெரியது.

நாலாவது வேலைக்கு எதிரே பாதிதான் இருக்கிறது. ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்களோடு பேசியிருக்கிறார், இரண்டு பேரின் பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்திருக்கிறார். புரூஃப் இழுப்பதற்கு எதிரே ஒன்றுமே இல்லை. இந்த வெற்றிடத்தை ‘அச்சு நுட்பங்களில் பரிச்சயம் உள்ளவர்’ என்று மெழுகக் கூடாது. குழுவில் அச்சு தெரிந்த ஒருவர் இருந்தால், நேர்காணலில் முதல் கேள்வி அங்கேதான் விழும். இரண்டு வழி இருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் இருந்தால், தெரிந்த ஒரு அச்சகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, ஒரே ஒரு பெட்டியின் எழுத்துகளை வரிசையாக அடுக்கி, உருளையால் மை தடவி, மெல்லிய தாளில் புரூஃப் இழுத்துப் பார்த்துவிடலாம். தேய்ந்த எழுத்துகள் பாதிதான் விழும், எத்தனை விழவில்லை என்று கணக்கு எடுத்தால் திட்டத்துக்கும் உதவும். அப்படிச் செய்திருந்தால் பயோவில் ஒரு வரி உண்மையாகவே சேரும். நேரம் இல்லை என்றால் பயோவில் அதைத் தொட வேண்டாம். உடன் வேலைசெய்யப்போகும் கம்பாசிட்டரைப் பற்றித் திட்ட விளக்கத்தில் எழுதி, பட்ஜெட்டில் அவருடைய நாள் கூலியைப் போட்டுவிட்டால் போதும்.

அடுத்தது இணைப்பு வாக்கியம். பயோவில் உழைப்பு கேட்பது இது ஒன்றுதான். ‘இந்த அனுபவங்களே இத்திட்டத்துக்கு உந்துதலாக அமைந்தன’ என்று எழுதினால், பரதநாட்டியம் முதல் பனைமரம் வரை எந்த விண்ணப்பத்திலும் அதை ஒட்டிக்கொள்ளலாம். நல்ல இணைப்பு வாக்கியத்தில், பழைய வேலை செய்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டு, அந்த வேலைக்குள்ளேயே விடை காண முடியாமல் போன ஏதாவது ஒன்று இருக்கும். நம் உதாரணத்தில் அது இருக்கிறது. பழைய நூல்களை அடிக்கும்போது, ஒரே பக்கத்தில் ஒரே எழுத்து இரண்டு வடிவத்தில் இருப்பதை அவர் பார்த்திருப்பார்: மேலே ஒல்லியான ‘ழ’, நாலு வரி கீழே கொஞ்சம் தடித்த ‘ழ’. பிழை என்று முதலில் நினைத்திருப்பார். வயதான கம்பாசிட்டரைக் கேட்டால் சிரிப்பார். பெட்டியில் எழுத்து தீர்ந்துபோனால் வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போடுவது தொழிலில் சகஜம். அந்தப் பெட்டிகள் இப்போது எங்கே என்பதுதான் திட்டம். பழைய வேலையில் எழுந்த கேள்வி, புதிய வேலையின் கேள்வியாக அப்படியே நிற்கிறது. ‘கனவு’ என்ற சொல்லுக்கு அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

இப்படி ஒன்று சட்டென்று நினைவுக்கு வராவிட்டால், பழைய வேலையில் அடிக்கடி எரிச்சல் தந்தது எது என்று யோசித்துப் பார்க்கலாம். மற்றவர்கள் கடந்துபோன எந்த விஷயத்தில் நீங்கள் நின்றீர்கள் என்பதும் நல்ல கேள்வி. அப்படியும் கிடைக்கவில்லை என்றால் திட்டமே இன்னும் உங்களுடையதாக ஆகவில்லை என்று சந்தேகப்படலாம். பயோ எழுத உட்கார்ந்த பிறகு திட்டத்தை மாற்றிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எண்களைப் பற்றி ஒரு விஷயம். ‘பல நூல்கள்’ என்று எழுதுபவர்களிடம் எத்தனை என்று கேட்டால் ‘ஒரு ஐம்பது அறுபது இருக்கும்’ என்பார்கள். எண்ணிவிடுவதே நல்லது. டி.டி.பி. கடையில் பில் புத்தகம் இருக்கும், கணினியில் வேலைக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். தமிழ் நூல்களின் விவரப் பக்கத்தில் ‘ஒளியச்சு’ என்று போட்டு ஒரு பெயர் இருக்கும், அதையும் சான்றாகக் காட்டலாம். பெரும்பாலும் அங்கே இருப்பது கடையின் பெயர், வேலை செய்தவர் பெயர் அல்ல. ஆகையால் கடையில் மூன்று பேர் வேலை செய்திருந்தால் மூன்றில் எது தன்னுடையது என்று பிரித்துத்தான் எண்ண வேண்டும். எண்ணி முடித்தபோது 43 என்று வந்தால் 43 என்றே எழுதலாம். ‘ஐம்பதுக்கும் மேற்பட்ட’ என்பதைவிட அதற்கு நம்பிக்கை அதிகம்.

திருத்திய பயோ இப்படி வரும்:

“2013 முதல் 2024 வரை ராயப்பேட்டையில் டி.டி.பி. வேலை செய்தவர். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான 43 தமிழ் நூல்களை, மறுபதிப்புக்காகப் பழைய பிரதியிலிருந்து எழுத்தெழுத்தாகப் படித்துக் கோத்திருக்கிறார். ஒரே பக்கத்தில் ஒரே எழுத்து இரண்டு வடிவங்களில் அச்சாகியிருப்பதை அந்த வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெட்டியில் எழுத்து தீர்ந்தால் வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போடுவது வழக்கம் என்று ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்கள் விளக்கினார்கள். அவர்களில் இருவரின் பேச்சைப் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பெட்டிகளில் இன்று மிஞ்சியிருப்பது என்ன என்பதே இந்தத் திட்டத்தின் கேள்வி. திருவல்லிக்கேணி, மண்ணடிப் பகுதிகளில் ஆறு ட்ரெடில் அச்சகங்களுடன் வேலை கொடுத்து வாங்கிய பழக்கம் உண்டு. பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்ப்பதில் பதினொரு வருட அனுபவம். அச்சுத் தொழில் பற்றி இரண்டு கட்டுரைகள் சிற்றிதழ்களில் வெளிவந்துள்ளன.”

கவிதைப் பரிசு போய்விட்டது. வெள்ள நிவாரணம் போய்விட்டது. நான்கு கட்டுரையில் அச்சுத் தொழில் பற்றிய இரண்டு மட்டும் நிற்கின்றன. மற்ற இரண்டும் சி.வி.யில் பத்திரமாக இருக்கும். பட்டத்தைக்கூட எடுத்தாயிற்று. அதற்குத் தயங்குவார்கள். படிவத்தில் கல்வித் தகுதிக்குத் தனிக் கட்டம் இருந்தால் தயங்க வேண்டாம். இல்லையென்றால் கடைசியில் ‘வணிகவியல் பட்டதாரி’ என்று இரண்டு சொல் போதும். மன்னிப்புக் கேட்கும் தொனியில் ‘முறையாக ஆராய்ச்சிப் பயிற்சி பெறாவிட்டாலும்’ என்று தொடங்கும் வாக்கியம் மட்டும் வரவே கூடாது. 43 நூல் என்ற வரி அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வினைச்சொல்லின் காலம். ‘கோத்திருக்கிறார்’ முடிந்த வேலை. ‘ஆவணப்படுத்திவருகிறார்’ என்று எழுதினால் திட்டம் ஏற்கெனவே நடக்கிறது என்று அர்த்தமாகிவிடும். அப்புறம் எதற்குப் பணம் என்று கேட்பார்கள். இரண்டு பேச்சைப் பதிவுசெய்தது முடிந்த காரியம், பெட்டிகளைத் தேடுவது வரப்போகும் காரியம். நம்மூர்ப் பயோக்களில் எல்லா வாக்கியமும் ‘வருகிறார்’ என்று முடிவதால் இந்த எல்லைக்கோடு அழிந்துபோகிறது.

நிறுவனப் பெயர்களை எடுத்துவிடுவதிலும் நிதானம் வேண்டும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் போய் நாலு நாள் பழைய நூல்களைப் பார்த்திருந்தால், ‘நூலகத்துடன் இணைந்து பணியாற்றியவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே பார்த்தவை பயன்பட்டிருந்தால் ‘அங்குள்ள இன்ன வகை நூல்களைப் பார்த்தவர்’ என்று எழுதலாம். அதுவே மதிப்பாக இருக்கும். இந்தத் துறை சிறியது. குழுவில் இருப்பவர் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அச்சகங்களுக்கும் இதே கதைதான்: ஆறு அச்சகம் என்று எழுதும் முன் ஆறு பேரிடமும் வாய்வார்த்தையாகவாவது சம்மதம் கேட்டிருக்க வேண்டும். அச்சகத்தின் பெயரைப் பயோவில் போட வேண்டாம். தேர்வானால் அந்தக் குறிப்பு அப்படியே இணையதளத்துக்கும் பத்திரிகைச் செய்திக்கும் போகும்.

எழுதி முடித்ததும் அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஐந்து வேலைகளில் எதற்கு அது ஆதாரம் என்று எண் போடுங்கள். எண் விழாத வாக்கியம், இணைப்பு வாக்கியமாக இல்லாவிட்டால், போகலாம். ஒரே எண் மூன்று இடத்தில் விழுந்தால் இரண்டைச் சேர்த்துவிடலாம். பிறகு திட்டத்தின் தலைப்பை மறைத்து, துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் பயோவை மட்டும் கொடுத்து, இவர் என்ன செய்யப்போகிறார் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். முதல் பயோவைக் கொடுத்தால் ‘தமிழ்ல ஏதோ புக் எழுதப்போறாங்களா?’ என்பார்கள். இரண்டாவதைக் கொடுத்தால் ‘பழைய பிரஸ்ல போய் எழுத்துத் தேடப்போறாங்க’ என்று வரவேண்டும். வரவில்லை என்றால், இணைப்பு வாக்கியம் அடியில் போய்ப் புதைந்திருக்கும். இரண்டு வாக்கியம் மேலே தூக்கிப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெங்களூருவின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற சில அமைப்புகள் இந்திய மொழிகளில் எழுதிய விண்ணப்பங்களை ஏற்கின்றன. மற்ற பல இடங்களில் ஆங்கிலம்தான். தமிழில் சரிசெய்த பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது நல்லது, ஆனால் தொழிற்சொற்கள் வழுக்கும். டி.டி.பி. என்றால் வெளிநாட்டுக் குழுவுக்குப் புரியாது. ‘டைப்பிஸ்ட்’ என்று போட்டால் பார்த்து அடிப்பவர் என்று குறைந்துவிடும். நூலுக்குப் பக்கம் கோப்பவருக்கு ‘டைப்செட்டர்’ என்பதே சரியான சொல், அது ஈய எழுத்துக் காலத்தோடும் ஒட்டிக்கொள்ளும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அரை வாக்கிய விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு இடம் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சுருக்குங்கள்.

கடைசியில் பரிந்துரைக் கடிதம். பயோவில் பதினொரு வருடம் என்று இருக்க, பரிந்துரைப்பவர் நல்ல மனதோடு ‘இருபது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த அச்சுக்கலைஞர்’ என்று எழுதிவிடுவார். அவர் சொல்வது பழக்கத்தின் கணக்கு, குழு படிப்பது வேலையின் கணக்கு. கெடுவுக்குப் பத்து நாள் முன்னால், திருத்திய பயோவையும் ஒரு பக்கத் திட்டச் சுருக்கத்தையும் அவருக்கு அனுப்பி, ‘சார், இந்த 43 நூல்ல உங்க பதிப்பகத்துக்குச் செஞ்சது எத்தனைன்னு மட்டும் ஒரு வரி சேர்த்திட முடியுமா?’ என்று கேட்டுவிடலாம்.